இரண்டாம் பத்தியில் இருந்த பெயர்கள்

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு கட்டி முடித்தபோது, புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை என் மாமனார் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஊர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு ஊருக்குக் கீழும் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விழாவுக்கு ஒரு வாரம் முன்புதான் அவருக்கு விடுப்பு. அதனால் பத்திரிகை வேலை என் பொறுப்பாயிற்று.

நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தேன். கட்டுமாவடி என்ற தலைப்பின் கீழே கடைசி வரியில் என் சின்னம்மா வீடு இருந்தது. அம்மாவின் தங்கை அவள். அவளுடைய கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கரையில் நண்டும் மீனும் ஏலம் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறாள். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு மாதமும் தன் வியாபாரத்தை விட்டுவிட்டு எங்கள் கூடவே இருந்தவள். நோட்டில் அவளுக்கு இருந்த அடையாளம், ‘அமரர்’ என்று போட்டு அவள் கணவர் பெயர், அதற்குப் பின் ‘குடும்பம்’. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நோட்டை முதலில் இருந்து இன்னொரு முறை பார்த்தேன். இருநூற்று முப்பத்திரண்டு வீடுகள். எழுதியிருந்த பெயர்கள் எல்லாம் ஆண்கள் பெயர்கள். கணவர் இல்லாத வீடுகள் முப்பத்துநான்கு. அவற்றில் சிலவற்றுக்கு இறந்தவர் பெயர் இருந்தது, சிலவற்றுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகன் பெயர் இருந்தது. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

நான் குன்றாண்டார்கோவிலில் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். கூட்டம் என்றால் உறுப்பினர்கள் எல்லோருக்கும் அழைப்புக் கடிதம் அனுப்புவது என் வேலை. பெயர்களை எக்ஸெல்லில் போட்டு வைத்துக்கொண்டு, வேர்டில் ஒரே ஒரு கடிதத்தைத் தயார் செய்து, மெயில் மெர்ஜ் மூலம் இரண்டையும் இணைத்துவிடுவேன். பட்டியலில் எத்தனை பேரோ அத்தனை கடிதம், ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர். இதையே வீட்டுப் பத்திரிகைக்கும் செய்வதென்று அன்றைக்கு முடிவு செய்தேன். கணவன் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்து வரவேண்டும். கணவர் இல்லாத வீட்டுக்கு அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் வரவேண்டும். அச்சில் வரவேண்டும்.

மாமனாரிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“பேனாவால எழுதிக் குடுத்தா ஆகாதா? இம்புட்டு நாளு அப்படித்தான் குடுத்தோம்.”

“எழுதலாம் மாமா. ஆனா நோட்டுல இருக்குற மாதிரிதான எழுதுவோம்? பொம்பளைங்க பேரு ஒண்ணுகூட இல்லையே.”

“அவுங்களையும் சேத்துத்தானம்மா கூப்புடுறோம். குடும்பத்தோட வாங்கன்னுதான சொல்றோம்?”

“எங்க சின்னம்மாவுக்கு யாரு பேர எழுதிக் குடுக்குறது? செத்துப்போன மனுஷன் பேரையா?”

அவர் நோட்டை என்னிடம் நீட்டினார். பிறகு, “பேருல ஒரு தப்பு வந்தாலும் சொந்தம் அந்துபோகும், பாத்துக்க. ஒண்ணே ஒண்ணு மாறி வந்துச்சுன்னாலும் பழையபடி பேனாதான்” என்றார்.

“சரி மாமா” என்றேன்.

புதுக்கோட்டையில் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் அவர்களுடைய வழக்கமான மாதிரியில் ‘உயர்திரு’ என்று அச்சிட்டு, அதற்குப் பின்னால் புள்ளிக்கோடு விட்டிருந்தார்கள். இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். மடிக்காத ஒற்றை அட்டையாக இருக்க வேண்டும், பிரிண்டரில் போகிற தடிமனில் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அச்சகக்காரர், “எல்லாருக்கும் உயர்திரு போட்டுட்டா ஒங்களுக்குச் சுலபம்ங்க” என்றார். சுலபம்தான். எனக்கு அது வேண்டாம் என்று சொல்லி இருநூற்றைம்பது அட்டைக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

எக்ஸெல்லில் முதல் வரியில் தலைப்புகள் போட்டேன். மேலிருந்து கீழாக ஓடும் முதல் பத்தியில் வீட்டு ஐயா பெயர், இரண்டாம் பத்தியில் வீட்டு அம்மா பெயர், மூன்றாவதில் ஊர். நான்காவது பத்திக்கு ‘அழைப்பு வரி’ என்று பெயர் வைத்து அதில் ஒரு சூத்திரம் எழுதினேன். ஐயா பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் திருமதி என்று போட்டு அம்மா பெயர் மட்டும் வரும். அம்மா பெயர் காலியாக இருந்தால் திரு என்று போட்டு ஐயா பெயர் மட்டும் வரும். இரண்டும் இருந்தால் இரண்டும் வரும். பத்திரிகையில் விழ வேண்டியது இந்த நான்காம் பத்திதான்.

ஐயா பெயர்களை நோட்டைப் பார்த்து ஒரே நாளில் தட்டிவிட்டேன், கணவர் இல்லாத முப்பத்துநான்கு வரிகளில் மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு. அம்மா பெயர்களுக்கு நோட்டு உதவவில்லை. அவர்களை எல்லாம் எங்களுக்கு ஊர் பேர் வைத்துத்தான் தெரியும். ஆலங்குடி அத்தை, அறந்தாங்கி மதினி, பெரிய வீட்டு ஆத்தா. முறை தெரியும், முகம் தெரியும், பேர் தெரியாது. எனவே போன் போட ஆரம்பித்தேன். ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், திரும்பி வரும் பஸ்ஸில்.

“ஒங்க முழுப் பேரு என்னங்கத்தை?”

“எதுக்கும்மா, எதுவும் மனு எழுதிப் போடுறியா?”

பத்துப் பேரில் ஆறு பேராவது இப்படித்தான் கேட்டார்கள். பத்திரிகைக்கு என்று சொன்னால் சிரித்தார்கள். ஒரு மதினி, “அவுக பேரு தெரியும்ல, அதையே போட்டுக்க” என்று வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டுப் பேரைச் சொன்னாள், எழுத்து எழுத்தாக. கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண், “என் பேரயா? நான் வந்தா ஒங்க வீட்டுல ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்களா?” என்று கேட்டாள். “ஒங்க பேருலதான் பத்திரிகையே வரப்போகுது. கண்டிப்பா வரணும்” என்றேன். போனை வைத்த பிறகு இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டதைக் கவனித்தேன். வெயிலில் திரும்பி நடந்தேன்.

கேட்கக் கேட்க அப்படியே மடிக்கணினியில் ஏற்றினேன். தாளில் எழுதி வைக்கவில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்று பின்னால் தெரிந்தது.

பெயர்கள் முழுதும் சேர்ந்த அன்று வேர்டைத் திறந்தேன். அட்டையை ஸ்கேல் வைத்து அளந்து, அதே நீள அகலத்தில் பக்கத்தை அமைத்தேன். வாசகம் எல்லாம் ஏற்கெனவே அச்சாகி வருவதால் வேர்டில் ஒன்றும் தட்ட வேண்டியதில்லை. காலி இடம் எங்கே வருகிறதோ அங்கே எக்ஸெல்லில் இருந்து வந்து விழும் ‘அழைப்பு வரி’ என்ற புலம், அதற்குக் கீழே ‘ஊர்’ என்ற புலம், அவ்வளவுதான். முன்னோட்டம் பார்க்கும் பொத்தானை அழுத்தியதும் அடைப்புக்குறிக்குள் இருந்த தலைப்பு மறைந்து முதல் வீட்டுக்காரர்களின் பெயர் வந்தது. அம்புக்குறியைத் தட்டத் தட்ட அடுத்த வீடு, அடுத்த வீடு. பத்து வீடு பார்த்தேன். எல்லாம் சரி.

மறுநாள் கிளம்புவதற்கு முன், ஒரே வீடு இரண்டு ஊரின் கீழே வந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சொந்த ஊர் ஒன்று, வேலை பார்க்கும் ஊர் ஒன்று என்று சிலர் இருந்தார்கள். பெண்கள் பெயரை அகர வரிசையில் அடுக்கினால் இரண்டு முறை வந்தவர்கள் அடுத்தடுத்து நிற்பார்கள் என்று நினைத்து, இரண்டாம் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினேன். திரையில் பெட்டி ஒன்று எழுந்து ஏதோ கேட்டது. பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து வரிசைப்படுத்தவா, இல்லை தேர்ந்தெடுத்ததை மட்டுமா என்று கேட்கும் பெட்டி அது. ஆபீஸில் ஆயிரம் முறை பார்த்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் இரண்டாவதைத் தட்டினேன். ஒரே பெயர் அடுத்தடுத்து வந்த இடங்களிலும் இனிஷியல் வேறாக இருந்தது, யாரும் இரட்டிப்பாக வரவில்லை. நிம்மதியாகச் சேமித்து, மூடி, பையில் வைத்தேன்.

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நடத்துவது ஒரு பெண். அவரிடம் பின்பக்கமாக அட்டை செருகும் பிரிண்டர் உண்டு. அட்டை அளவில் வெட்டிய வெள்ளைத் தாளில் முதலில் ஒன்று அடித்து, அதை அட்டை மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். பெயர் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. இறக்கினேன். மூன்றாவது தாளில் சரியாக உட்கார்ந்தது. ஒன்று முதல் நாற்பது வரை அடிக்கச் சொன்னேன். அட்டை கோணாமல் போகிறதா, மை ஒட்டுகிறதா என்பதில்தான் எங்கள் கண் இருந்தது. பெயரை யாரும் படிக்கவில்லை. வீட்டில் காட்டிவிட்டு மிச்சத்தை அடிக்கலாம் என்று நாற்பதையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மாமனார் அட்டைகளை வாங்கி வரிசையாகப் படித்தார். முதல் அட்டையில் புருவத்தைச் சுருக்கினார். இரண்டாவதையும் மூன்றாவதையும் அருகில் வைத்துப் பார்த்தார். பத்தாவதோ பதினொன்றாவதோ தெரியவில்லை, நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இவனுக்கு எப்பம்மா ரெண்டாங் கல்யாணம் ஆச்சு?”

மனைவி இறந்து ஆறு வருடமான அவருடைய நண்பர் அவர். அவர் வரியில் இரண்டாம் பத்திக் கட்டத்தை நான் காலியாகத்தான் விட்டிருந்தேன். அட்டையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

“இது அவன் வீட்டுக்குப் பின்னால இருக்கான்ல, அவன் சம்சாரம் பேரு. இதக் கொண்டுபோய் நான் அவன் கையில குடுக்கணுமாக்கும்?”

மடிக்கணினியைத் திறந்தேன். பெண்கள் பத்தி மட்டும் அகர வரிசையில் நின்றது. மற்றவை இருந்த இடத்திலேயே இருந்தன. வரிசைப்படுத்தும்போது காலிக் கட்டங்கள் கடைசிக்குப் போய்விடும் என்பதால், மனைவி இல்லாதவர்களுக்கு எல்லாம் யாரோ ஒரு பெண் வந்திருந்தாள். சூத்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது, நான் கொடுத்த தப்பான கட்டங்களை வைத்து. கணவர் உயிரோடு இருக்கும் பெண்கள் முப்பத்திரண்டு பேரோ முப்பத்துமூன்று பேரோ தனியாகத் திருமதி என்று நின்றார்கள். எக்ஸெல் கோப்பை மூடித் திறந்துவிட்டதால் செய்ததைத் திரும்பப் பெறவும் வழி இல்லை. வேறு நகல் எடுத்தும் வைக்கவில்லை.

மாமனார் கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அட்டைகளை ஒன்றாக அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். “பேனா எடுத்துட்டு வா. நாளையில இருந்து எழுத ஆரம்பிப்போம்.”

“மாமா, மிஷின் தப்புப் பண்ணல. நான் பண்ணுனேன். நானே சரி பண்ணிர்றேன். ரெண்டு நாளு குடுங்க.”

“விழாவுக்கு இன்னும் பதினேழு நாளுதான் இருக்கு.”

“ரெண்டு நாளு போதும்.”

அவர் எழுந்து வெளியே போனார். அதுவரை சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த என் மாமியார் உள்ளே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். இந்த விஷயத்தில் அதுவரை அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

“நீ ஆம்பளைங்க பேர மட்டும் வாசி. யாருக்கு யாருன்னு நான் சொல்றேன்” என்றார்.

“இருநூறு வீடு இருக்கேத்தை.”

“இருக்கட்டுமே. எல்லாக் கல்யாணத்துக்கும் நாந்தான போயி மொறை செஞ்சேன்.”

இரண்டாம் பத்தியில் இருந்த பெயர்களை எல்லாம் வெட்டி எக்ஸெல்லிலேயே வேறொரு ஷீட்டில் ஒட்டினேன். அதற்கும் முன்னால் செய்தது, அந்த எக்ஸெல் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்தது. பிறகு நான் ஐயா பெயரையும் ஊரையும் வாசிப்பேன், ஐயா இல்லாத வீட்டுக்கு நோட்டில் இருக்கும் பெயரை வாசிப்பேன், அத்தை அந்த வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வார், நான் ஒட்டி வைத்த பட்டியலில் தேடி எடுத்து அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டு, பட்டியலில் நீக்குவேன். போனில் எனக்குச் சொல்லாத விவரங்கள் எல்லாம் வந்தன. யார் எந்த ஊரில் பிறந்தவள், யாருக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் பேரை மாற்றினார்கள், யார் டீச்சர் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள். ஒரே பெயரில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரையும் அவர் குழப்பாமல் சொன்னார். மாமனாரின் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது மட்டும், அந்த வீட்டு ஐயா பெயரைத் தன் வாயால் திருப்பிச் சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். மூத்தார் பெயரைச் சொல்லக்கூடாதாம். பெண்ணின் பெயரைச் சொல்லத் தடை இல்லை.

சனிக்கிழமை பாதி, ஞாயிற்றுக்கிழமை முக்கால் நாள் ஆயிற்று. கடைசியில் பட்டியலில் ஒன்பது பெயர்கள் மிஞ்சின, எக்ஸெல்லில் அம்மா பெயர் இல்லாத வரிகள் சில நின்றன. எது உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டியது, எது நிரப்ப வேண்டியது என்று அத்தை பிரித்துச் சொன்னார். நிரப்ப வேண்டியவை சரியாக ஒன்பதுதான் இருந்தன. அந்த ஒன்பது வீட்டுக்கும் திரும்பப் போன் போட்டேன். “அன்னைக்கே சொன்னேனே!” என்று ஒருத்தர் கோபித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுதினேன், இந்தத் தடவை தாளிலும்.

இந்த முறை நேராகப் பிரிண்டருக்கு அனுப்பவில்லை. வேர்டில் ‘முடித்து இணை’ என்று வரும் இடத்தில், அச்சுக்குப் போகும் முன் திரையில் பார்ப்பதற்காக, தனித்தனிக் கடிதங்களாகத் திருத்தும் வகையைத் தேர்ந்தெடுத்தேன். இருநூற்று முப்பத்திரண்டு பக்கம் உள்ள ஒரே ஆவணமாக வந்தது. மாமனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நோட்டை அவர் கையில் வைத்துக்கொள்ள, நான் பக்கம் பக்கமாக வாசித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு புள்ளி வைத்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். ஒரு இடத்தில் ஊர் மாறியிருந்தது, அது நோட்டிலேயே இருந்த தப்பு. மாமனார் நோட்டில் அதை அடித்துத் திருத்தினார்.

முடிந்ததும் அவர், “சரி, போயி அடிச்சிட்டு வா” என்றார்.

கெட்டுப்போன நாற்பது போக மிச்சம் இருநூற்றுப் பத்து அட்டைதான் இருந்தது. அச்சகத்தில் இன்னும் ஐம்பது வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். இருபது இருபதாகச் செருகி, வந்து விழ விழ நானும் கடைக்காரப் பெண்ணும் ஒவ்வொன்றாகப் படித்தோம். நடுவில் அவர், “பொம்பளைங்க பேரும் சேந்து வருது பாருங்க, எங்க வீட்டுல யாரும் இப்படிக் குடுத்ததில்லைங்க” என்றார்.

கட்டுமாவடிக்கு நானும் அத்தையும் போனோம். தாம்பூலத் தட்டில் வைத்துப் பத்திரிகையைக் கொடுத்தபோது சின்னம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தூரமாகப் பிடித்துப் படித்தாள். அழுவாளோ என்று பயந்தேன். அவள் முகம் சுருங்கியது வேறு காரணத்துக்காக.

“சின்ன ர போட்ருக்க.”

“என்ன சின்னம்மா?”

“எம்பேருக்குப் பெரிய ற-தான். பள்ளிக்கூடத்துல அப்படித்தான் எழுதுனேன். ரேஷன் கார்டுல ஒருத்தன் சின்ன ர ஆக்குனான், அதப் பாத்து ஆதார்லயும் அப்படியே வந்துருச்சு. கேட்டா, இருந்துட்டுப் போகட்டும்மாங்குறானுக. நீ ஆபீஸுல இருக்குறவ, நீயும் அப்படித்தானா?”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அத்தை என்னைப் பார்த்தார். போனில் காதால் கேட்டதை நானாகவே எழுதியிருக்கிறேன், எந்த எழுத்து என்று கேட்கவில்லை.

“குடு சின்னம்மா. மாத்திக் கொண்டாரேன்.”

“அதுக்குன்னு இம்புட்டுத் தூரம் திரும்ப வருவியா? சும்மா சொன்னேன், விடு.”

“வாரேன்.”

மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் விடுப்புச் சொன்னேன். எக்ஸெல்லில் அந்த ஒரு கட்டத்தைத் திறந்து எழுத்தை மாற்றிச் சேமித்தேன். ஜெராக்ஸ் கடையில் வேர்டைத் திறந்து, முன்னோட்டத்தில் சின்னம்மாவின் வரிசை எண் வரும்வரை தட்டினேன். பிரிண்ட் கொடுக்கும்போது எல்லாப் பதிவுகளுமா, இப்போதைய பதிவு மட்டுமா என்று கேட்டது. பெட்டியை இரண்டு முறை படித்துவிட்டு, இப்போதைய பதிவு என்பதைத் தட்டினேன். ஒரே ஒரு அட்டை வந்தது. கடைக்காரப் பெண் அதை எடுத்து, “இவங்க பேருக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா?” என்று கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

நான் போனபோது சின்னம்மா கரையில் இருந்தாள். நண்டுப் பெட்டிகளுக்கு நடுவே நின்று படித்தாள். எழுத்தின் மேல் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

“இப்பச் சரி” என்றாள். மடிக்காமல் அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டு, இடுப்பில் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டாள். “காலையில மொத பஸ்ஸுக்கே வந்துர்றேன். ஒங்க மாமனாருட்ட சொல்லிரு.”

சொன்னபடி வந்தாள். விழாவன்று மாமனார் பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். சின்னம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் குவித்து, “வாங்க, உள்ள வாங்க” என்றார். கணவர் இல்லாத முப்பத்துநான்கு வீட்டில் இருபத்தொன்பது பேர் வந்தார்கள். என்னிடம் போனில் தயங்கிய பெண்ணும் வந்தாள், சுவரோரம் உட்காரப் பார்த்தவளை அத்தை கையைப் பிடித்து முதல் பந்திக்கு அழைத்துப் போனார்.

ஒரு மாதம் கழித்து மாமனாரின் தங்கை வீட்டில் கல்யாணம் வைத்தார்கள். அவர்கள் பத்திரிகைக்கு நோட்டைக் கேட்டு வந்தபோது மாமனார், “நோட்டுல ஒண்ணும் இல்லை. மருமக கம்ப்யூட்டருல வச்சிருக்கு, அங்கிட்டுக் கேளுங்க” என்று அனுப்பிவைத்தார். பட்டியலின் நகல் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தேன். திரையில் பெட்டி எழுந்து ஏதாவது கேட்டால் படித்துப் பார்த்துவிட்டுத் தட்டச் சொன்னேன்.